‘டி.ஹெச்.ஏ. லைசென்ஸ் இருக்கு சார்!’

துபாய் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு நம்மூர் பிசியோதெரபிஸ்டுகள் வேலை கேட்டு அனுப்பும் மடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “மதிப்பிற்குரிய ஐயா, நான் பி.பி.டி. முடித்துள்ளேன். 7 ஆண்டு அனுபவம். டி.ஹெச்.ஏ. லைசென்ஸ் உண்டு. காலியிடம் இருந்தால் தெரிவிக்கவும்.” மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் நிர்வாகி தேடுகிற இரண்டு விவரங்களுமே இதில் தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு.

நம்பிக்கை: ப்ரோமெட்ரிக் தேர்வில் தேறிவிட்டால் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது.

வரவில்லை. துபாய் சுகாதார ஆணையத்தின், அதாவது டி.ஹெச்.ஏ.வின், ஷெரியான் தளத்தில் விண்ணப்பித்து, டேட்டாஃப்ளோ நிறுவனம் சான்றிதழ்களைச் சரிபார்த்து, தேர்விலும் தேறியவருக்குக் கிடைப்பது எலிஜிபிலிட்டி லெட்டர். இவர் லைசென்ஸ் பெறத் தகுதியானவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. துபாயில் ஒரு மருத்துவமனையோ கிளினிக்கோ வேலைக்கு எடுத்து, தன் பெயரில் விண்ணப்பித்த பிறகுதான் லைசென்ஸ் உயிர்பெறும். அதுவரை ஒரு நோயாளியைக்கூடத் தொட முடியாது.

ஆகவே இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு “லைசென்ஸ் உண்டு” என்று எழுதினால், இவருக்கு நடைமுறை தெரியவில்லை என்று நிர்வாகி நினைப்பார். இல்லையென்றால் ஏற்கெனவே வேறு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் என்று எடுத்துக்கொள்வார். எலிஜிபிலிட்டி லெட்டர் இருக்கிறது என்று எழுதி, அது காலாவதியாகும் தேதியையும் சேர்த்துவிடுவதே நல்லது. அந்தக் கடிதம் ஓராண்டுதான் செல்லும். இரண்டே மாதம் மிச்சம் இருந்தால், ஆளெடுக்கும் வேகத்தை அதற்கேற்ப அவர் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று: இது துபாய்க்கு மட்டும். அபுதாபிக்கு டி.ஓ.ஹெச்., ஷார்ஜாவுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் என்று அதிகாரம் தனித்தனி. ஷார்ஜா மருத்துவமனைக்கு டி.ஹெச்.ஏ. பெருமையை மட்டும் எழுதி அனுப்பிப் பயனில்லை. இந்தியன் அசோசியேஷன் ஆஃப் பிசியோதெரபிஸ்ட்ஸ் உறுப்பினர் எண்ணை ‘லைசென்ஸ் நம்பர்’ என்று போடுவதும் நடக்கிறது. அது தொழில்முறைச் சங்கம். உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பு அல்ல.

நம்பிக்கை: அனுபவம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது.

மேலே சொன்ன 7 ஆண்டைப் பிரித்துப் பார்ப்போம். உதாரணத்துக்கு, இவர் இன்டர்ன்ஷிப் முடித்தது 2019 ஆகஸ்டில். அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து 2021 பிப்ரவரி வரை எலும்பு கிளினிக் ஒன்றில் 18 மாதம். 2021 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஒரு மருத்துவமனையில் 48 மாதம். ஆக 66 மாதம், ஐந்தரை ஆண்டு. மிச்சம் ஒன்றரை ஆண்டு எங்கிருந்து வந்தது? ஆறு மாத இன்டர்ன்ஷிப்பையும், கடைசியாக ஓராண்டு சொந்தமாக வீடு வீடாகப் போய் சிகிச்சை தந்ததையும் சேர்த்துவிட்டார்.

வீட்டுச் சிகிச்சையும் நல்ல அனுபவம்தான். ஆனால் டேட்டாஃப்ளோ, அனுபவக் கடிதம் கொடுத்த இடத்தையே தொடர்புகொண்டு கேட்கும். தனக்குத் தானே கடிதம் கொடுத்துக்கொள்ள முடியாதே! கிளினிக் மூடிப்போனாலோ பதில் வராவிட்டாலோ ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று அறிக்கை வரும். மடலில் ஒரு தேதி, கடிதத்தில் வேறு தேதி என்றால் சிக்கல் இன்னும் பெரிது. அனுபவக் கடிதத்தில் ‘ட்ரெய்னி’ என்று இருந்தால் மடலிலும் அதையே எழுத வேண்டும். ‘சீனியர் பிசியோதெரபிஸ்ட்’ என்று உயர்த்திக்கொள்ளக் கூடாது.

இதே ஆள் இப்படி எழுதலாம்: “டி.ஹெச்.ஏ. எலிஜிபிலிட்டி லெட்டர் உள்ளது; இன்ன தேதி வரை செல்லும். கடிதத்தோடு காட்டக்கூடிய அனுபவம் ஐந்தரை ஆண்டு. 2019 செப்டம்பர் – 2021 பிப்ரவரி எலும்பு கிளினிக். 2021 ஏப்ரல் – 2025 மார்ச் மருத்துவமனை, பெரும்பாலும் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் நடைப்பயிற்சியும் பக்கவாத நோயாளிகளும். அதன்பின் சொந்தமாக வீட்டுச் சிகிச்சை. முன்னறிவிப்புக் காலம் இல்லை. விசா கிடைத்ததும் வரலாம். தங்கள் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட் இடம் உண்டா?” ஓராண்டை மறைக்கவில்லை, கணக்கிலும் சேர்க்கவில்லை. மூட்டு மாற்று சிகிச்சை அதிகம் நடக்கிற மருத்துவமனைக்கு, ‘7 ஆண்டு’ என்பதைவிட அந்த ஒரு வரி பெரிது.

நம்பிக்கை: எல்லாச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினால்தான் நம்புவார்கள்.

முதல் மடலுக்கு இரண்டு பக்க பயோடேட்டாவும் எலிஜிபிலிட்டி லெட்டரும் போதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் யாருக்கும் வேண்டாம். பாஸ்போர்ட் நகலைக் கேட்ட பிறகு கொடுக்கலாம். பதிலோடு ‘விசா செலவுக்கு முதலில் பணம் கட்டுங்கள்’ என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டம் சொல்கிறது.