கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை, தங்கச்சி!

“கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்க மாட்டியா?” என்று வகுப்பில் கேட்கிறார்களா? முதலில் கையில் இருக்கிற பீர்க்கங்காய் நாரைக் கீழே வை. எலுமிச்சையும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகி இன்னும் கறுக்கும்.

பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்துப் பார். அழுக்கென்றால் பஞ்சோடு வந்துவிடும். வராமல், தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருந்தால், அக்குளிலும் அதே கருப்பு தெரிந்தால், டாக்டரிடம் காட்டு. இது பெரும்பாலும் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது ரத்தத்தில் இன்சுலின் ஏறும். அது தோல் செல்களைப் பெருகவைக்கும். எடை கூடுதலாக உள்ள பிள்ளைகளுக்கு இது சகஜம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார்க்கச் சொல்வார்கள். பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வந்தால் அதையும் மறைக்காமல் சொல். இன்சுலின் சரியாகச் சரியாகக் கருப்பும் மங்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு க்ரீம் வாங்காதே. டியூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் பளிச்சென்று ஆக்கும். பிறகு போட்ட இடம் சிவந்து, பரு கிளம்பி, தோல் மெலிந்துபோகும். ஏற்கெனவே போடுகிறாய் என்றால் தோல் டாக்டரிடம் டியூபோடு போ.

இனி பள்ளிக்கூடம். என் சித்தி பெண், ஒன்பதாம் வகுப்பு. சில பையன்கள் அவளைக் கிண்டல் செய்வதாகச் சித்தி போனில் புலம்பியதும் மிஸ் வகுப்பில் எழுந்து, “இனிமே யாரும் இவளைக் குண்டுன்னு கூப்பிடக் கூடாது” என்றார். அதுவரை நாலு பேருக்குத் தெரிந்த பட்டப்பெயர் அன்றைக்கு நாற்பது பேருக்கும் தெரிந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் பிள்ளைக்கு மானம் போயிற்று.

அடுத்த முறை சித்தி தலைமையாசிரியரிடம் எழுதியே கொடுத்தார்: எந்தத் தேதி, எந்தப் பீரியட், யார், என்ன சொன்னார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்தார். கேட்டது மூன்றே விஷயம். அந்தப் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் பெற்றோர் முன் பேச வேண்டும். இடம் மாற்றினால் அவர்களை மாற்ற வேண்டும், இவளை அல்ல. இரண்டு வாரம் கழித்து இவளிடம் தனியே விசாரிக்க வேண்டும். எல்லார் முன்னாலும் ‘ஸாரி’ சொல்லிக் கைகுலுக்கும் நாடகம் வேண்டாம் என்றும் எழுதினார். கிண்டல் நின்றது. பள்ளி அசையாவிட்டால் தமிழ்நாட்டில் கல்வித்துறையின் 14417க்குக் கூப்பிடலாம்.

அம்மாக்களே, விருந்தாளி முன்னால் “ரெண்டு இட்லி போதும்டீ” என்பதை நிறுத்துங்கள். கூல்டிரிங்க்ஸை வீட்டுக்கே வாங்காதீர்கள், தம்பிக்கும் சேர்த்து. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தாலோ, சாப்பிட்டதும் பாத்ரூமில் வாந்தி எடுத்தாலோ திட்டாமல் அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மனசு விட்டுப் பேச 14416, கட்டணம் கிடையாது.