காது மடலில் குத்திக்கொள்வோர் கவனத்திற்கு: ஆறும் காலமும் அணிய வேண்டிய உலோகமும்



நமது டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக்காகச் சென்ற மாதங்களில் வந்த விண்ணப்பங்களில் ஒன்று எங்களைச் சற்று யோசிக்க வைத்தது. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி, வயது முப்பத்து நான்கு. தம்பியின் நிக்காஹ்வுக்கு நான்கு நாட்களுக்கு முன் ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போய், காதின் மேல் விளிம்பில் "கன் ஷாட்" மூலம் குத்திக்கொண்டார். கம்மல் போடும் இடத்தில் அல்ல, மேலே கெட்டியாக இருக்கும் மடலில். மூன்றாம் நாள் காது சிவந்தது. "குத்தினால் அப்படித்தான் இருக்கும்" என்று மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினார்கள். ஐந்தாம் நாள் மடல் முழுவதும் வீங்கித் தொட முடியாமல் சுட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை மூன்று நாள் சாப்பிட்டும் குறையவில்லை. எட்டாம் நாள் எங்களிடம் வந்தபோது அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினோம். அங்கே கீறிச் சீழை எடுத்து, ஐந்து நாள் தங்க வைத்து ஊசி மூலம் மருந்து செலுத்தினார்கள். அல்ஹம்துலில்லாஹ், காது பிழைத்தது. ஆனால் மேல் விளிம்பில் ஒரு பள்ளம் நிலையாக நின்றுவிட்டது.

அவர் செய்த எதுவும் நம் வீடுகளில் நடக்காத காரியம் அல்ல. ஆகவே இதன் விபரத்தை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது என்று இதை எழுதுகிறோம்.

சோணையும் மடலும் ஒன்றல்ல

குழந்தைகளுக்குக் குத்தும் காதுச் சோணை தோலும் கொழுப்புமாக இருக்கிறது. அதில் இரத்த ஓட்டம் தாராளம். பெரியவர்களுக்கும் சோணையில் குத்தினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும்.

மேல் மடல் குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து கசியும் ஊட்டத்தில்தான் அது வாழ்கிறது. இரத்தம் போகாத இடத்திற்குக் கிருமியை எதிர்க்கும் அணுக்களும் மெதுவாகத்தான் போய்ச் சேரும், மாத்திரையில் உள்ள மருந்தும் அப்படியே. அதனால்தான் மடலில் குத்திய புண் உள்ளே முழுமையாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கிறது. இரண்டு மாதத்தில் வெளித்தோல் ஆறிவிட்டதுபோல் தெரியும். அதை நம்பி நகையை மாற்றுவதும் அந்தப் பக்கமாகப் படுப்பதும்தான் பலருக்குப் பிரச்சினையைத் திரும்பக் கொண்டுவருகிறது.

உறைக்கும் குருத்தெலும்புக்கும் இடையே சீழ் தேங்கினால் ஊட்டம் வரும் வழியே அடைபடும். அந்தப் பகுதி இறந்து சுருங்கிவிடும். இறந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது. நமது சகோதரியின் காதில் விழுந்த பள்ளம் இப்படி வந்ததுதான்.

நம் மூத்தம்மாமார்கள் மடல் ஓரத்தில் வரிசையாகக் குத்தி அலுக்கத்து அணிந்தவர்கள்தானே என்று கேட்கலாம். அணிந்தார்கள். அவர்களுக்கும் மடல் இதே குருத்தெலும்புதான். நன்றாக ஆறிய காதுகளைத்தான் நாம் பார்த்தோம், புண்ணாகிப் போனவற்றின் கணக்கு யாரிடமும் இல்லை.

கன் வேண்டாம், ஊசி வேண்டும்

கன்னில் போடும் தோட்டின் முனை ஊசிபோல் கூரானது அல்ல. விசையின் வேகத்தில் அது சதையைக் கிழித்துக்கொண்டு நுழைகிறது. சோணையில் இதைத் தாங்கலாம். குருத்தெலும்பிலோ அது நசுங்கவும் விரிசல் விடவும் கூடும். கன்னின் பிளாஸ்டிக் பாகங்களை மருத்துவமனையில் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்வதுபோல் செய்ய முடியாது. ஒருவருக்குப் பின் ஒருவருக்குத் துடைத்துவிட்டுக் குத்துகிறார்கள். அந்தத் தோட்டின் தண்டும் குட்டையாக இருக்கும். காது வீங்கும்போது பின்பக்க அடைப்பான் சதைக்குள் புதைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஓரகன் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு ஒரே நகைக் கடையில் குத்திக்கொண்ட ஏழு பேருக்கு சூடோமோனாஸ் என்னும் கிருமி தொற்றியது உறுதிப்பட்டது. ஏழு பேருக்கும் மேல் மடலில்தான். தேடிப் பார்த்தபோது, காதைச் சுத்தம் செய்யத் தெளித்த கிருமிநாசினிப் புட்டியிலேயே அந்தக் கிருமி இருந்தது. ஈரமான இடங்களில் வளரும் இந்தக் கிருமிதான் மடல் தொற்றுக்கு முக்கியக் காரணம். தொண்டை வலிக்கும் பல்வலிக்கும் வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலின் மாத்திரை இதனிடம் வேலை செய்யாது. மருந்துக் கடை மாத்திரையால் மூன்று நாள் வீணான காரணம் இப்போது விளங்கும்.

ஆகவே மடலில் குத்தித்தான் ஆக வேண்டும் என்றால், உறையைக் கண்முன் பிரித்து ஒரே ஒருமுறை பயன்படுத்தும் உள்துளை ஊசியால், கையுறை அணிந்து குத்துபவரிடம் செல்லுங்கள். தோல் மருத்துவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சிலரும் செய்கிறார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், முன்பு தழும்பு தடித்து வளர்ந்த அனுபவம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குத்த வேண்டாம்.

முதல் நகை எந்த உலோகம்?

ஆறாத புண்ணுக்குள் மாதக்கணக்கில் இருக்கப்போகும் பொருள் இது. இதில் முதல் எதிரி நிக்கல். பின் குத்திய இடத்திலோ, கைக்கடிகாரத்தின் கொக்கி படும் இடத்திலோ உங்களுக்கு அரிக்கிறது என்றால் நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்புண்டு. புதிதாகக் குத்திய துளை வழியாகவே இந்த ஒவ்வாமை முதன்முதலாக ஏற்படுவதும் உண்டு. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும்.

எல்லாவற்றிலும் பாதுகாப்பானது டைட்டானியம். எலும்புக்குள் வைக்கும் தரத்திற்கு எஃப்-136 என்று குறிப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். எடை குறைவு, நிக்கல் பயமில்லை. நியோபியமும் நல்லது. "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று விற்பதில் நிக்கல் உண்டு. தரமானதில் அது எளிதில் வெளியே கசியாது என்றாலும், ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

தங்கம் என்றால் நிக்கல் கலக்காத 14 அல்லது 18 காரட். நம் வீடுகளில் "916 தான் சுத்தம், அதையே போடலாமே" என்பார்கள். 916 தங்கத்தில் குறை அதன் சுத்தத்தில் இல்லை, மென்மையில் இருக்கிறது. எளிதில் கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்கு தங்கும். மேலும் நம் தோடுகளின் தண்டில் திருகாணிக்காக மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஆறாத துளைக்குள் போகும்போதும் வரும்போதும் அரம்போல் அறுக்கும். நன்றாக ஆறிய பிறகு அதைத் தாராளமாகப் போடலாம். வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் இருக்கக்கூடும். வெள்ளி புண்ணில் கறுத்துச் சதையில் கறை படிய விடும். கவரிங் நகை வேண்டவே வேண்டாம். பூச்சு தேய்ந்ததும் அடியில் இருக்கும் உலோகம்தான் புண்ணில் படும்.

வடிவத்தில், வளையம் முதலில் கூடாது, அது அசைந்துகொண்டே இருக்கும். வீக்கத்துக்கு இடம் விட்ட சற்று நீளமான, வழுவழுப்பான நேர்த் தண்டு நல்லது. வீக்கம் வடிந்தபின், நான்கு முதல் எட்டு வாரத்திற்குள், குத்தியவரிடமே போய்க் குட்டையான தண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீளத்தண்டையே விட்டுவைத்தால் அது முக்காட்டில் மாட்டி இழுபடும்.

தினசரிப் பராமரிப்பு

காலையும் மாலையும் கையை சோப்பால் கழுவிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனை முன்னும் பின்னும் ஊற்றி, பொருக்கு இளகியதும் சுத்தமான துணித்துண்டால் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான். வீட்டில் உப்புக் கரைத்தால் பெரும்பாலும் அளவு கூடிப் புண்ணை எரிக்கும். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், எண்ணெய், வேப்பங்குச்சி எதுவும் வேண்டாம். தோட்டைத் தினமும் சுழற்ற வேண்டும் என்ற பழைய பழக்கத்தையும் விடுங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளே உண்டாகும் புதுத்தோல் கிழியும்.

ஒளுவில் காதுக்கு மஸஹ் செய்வது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் சுன்னத். புண்ணாக இருக்கும் நாளில் அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் ஒளு முறியாது. குளிப்புக்குக் குழாய் நீர் ஓடினால் புண்ணுக்குக் கெடுதல் இல்லை, பிறகு ஈரம் போக ஒற்றிவிடுங்கள். தண்ணீரே படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் கடமையான குளிப்பின் சட்டத்தை நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளத்திலும் கடலிலும் தலை முழுகுவது கூடாது. முக்காட்டைத் தளர்வாகப் போட்டு, பின்னைக் காதுப் பக்கம் குத்தாதீர்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றி, மறுபக்கமாகப் படுங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

முதல் சில நாட்கள் லேசான சிவப்பு, வலி, வெளிர்நிறக் கசிவு, காய்ந்த பொருக்கு இவை இயல்பு. துளையைச் சுற்றி அரிப்பும் நீர்ப்பொரியும் மட்டும் இருந்தால் உலோக ஒவ்வாமையாக இருக்கலாம். மாதங்கள் கழித்துத் துளையைத் தாண்டித் தடிப்பு வளர்ந்தால் கீலாய்டு தழும்பாக இருக்கலாம். இவற்றுக்கு நேரம் பார்த்துத் தோல் மருத்துவரிடம் போகலாம்.

ஆனால் மடல் முழுதும் சிவந்து, சூடாகி, தொட்டால் துடித்து, கீழே சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால் தாமதிக்காதீர்கள். சோணையில் குருத்தெலும்பு இல்லாததால் அது தப்பி நிற்கிறது. வியாதி குருத்தெலும்பைப் பிடித்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தோட்டை நீங்களே கழற்ற வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளே அடைபடும். கழற்றுவதா வைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். "மேல் மடலில் குத்தினேன், இன்ன நாளில், கன்னால்" என்று மறக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து என்பதை அந்த ஒரு வார்த்தை தீர்மானிக்கும்.

நிக்காஹ்வுக்கோ பெருநாளுக்கோ நான்கு நாள் இருக்கும்போது மடலில் குத்தாதீர்கள். நமது சகோதரி எங்களிடம் சொன்னது இதுதான்: "மூணாம் நாளே வந்திருந்தா இந்தப் பள்ளம் விழுந்திருக்காது." அவர் சொன்னதை உங்கள் வீட்டுப் பெண்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள். செலவுக்குத் தயங்கி யாரும் நாளைக் கடத்த வேண்டாம். டிரஸ்ட் அலுவலகத்தில் சொன்னால், இன்ஷா அல்லாஹ், அன்றே ஆவன செய்கிறோம். வஸ்ஸலாம்.