சந்தாதாரர் எண்ணிக்கை ஒரே இரவில் குறைவது ஏன்?

ஆண்டு முடிவில் நாம் சரக்கு இருப்பு எடுக்கிறோம். பேரேட்டில் 100 மூட்டை என்றிருக்கும். கிடங்கில் எண்ணினால் 94தான் இருக்கும். அந்த 6 மூட்டையும் அன்று காணாமல் போனவையல்ல. முன்பே இல்லாதவை அன்று தெரியவருகின்றன. யூடியூப்பில் சேனல் நடத்தும் நம் வணிகர்கள் சிலர், சந்தாதாரர்கள் திடீரெனக் குறைந்ததைக் கண்டு திகைக்கிறார்கள். அதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

யூடியூப் கழிக்கும் கணக்குகள் இருவகை. முதலாவது, மூடப்பட்டவை. உரியவரே மூடியிருக்கலாம், விதிமீறலுக்காக நிறுவனம் மூடியிருக்கலாம், நெடுநாள் பயன்படாமல் கிடந்தும் நீக்கப்பட்டிருக்கலாம். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. இரண்டாவது, எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டவே உண்டாக்கிய போலிக் கணக்குகள். சந்தா செய்துவிட்டு நம் வீடியோவைப் பார்க்காமல் இருக்கும் உண்மையான ஆள் இவற்றில் சேரமாட்டார்.

2018 டிசம்பர் 13, 14 தேதிகளில் யூடியூப் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போலிச் சந்தாக்களைக் கழித்தது. அதனால் 1,000 பேருக்குக் கீழே இறங்கும் சேனல்கள் விளம்பர வருவாய்ப் பங்குத் திட்டத்திலிருந்து விலக்கப்படும் என்றும், உண்மையான சந்தாதாரர்களைச் சேர்த்தபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் கூறியது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மளிகைக் கடைச் சேனலுக்கு 1,150 சந்தாதாரர்கள். அவர்களில் 300 பேர் காசு கொடுத்துச் சேர்த்த போலிகள். வீடியோ ஒன்றை வழக்கமாக 200 பேர் பார்க்கிறார்கள். போலிகள் கழிந்ததும் எண்ணிக்கை 850 ஆகிறது. வருவாய்ப் பங்குக்கான 1,000 என்ற வரம்பு தவறுகிறது. கொடுத்த காசும் வீண். ஆனால் அடுத்த வீடியோவையும் அதே 200 பேர் பார்க்கிறார்கள். கழிந்த 300 பேர் ஒருநாளும் பார்த்தவர்கள் அல்லர்.

ஆகவே எண்ணிக்கை குறைந்தால், முந்தைய 10 வீடியோக்களையும் பிந்தைய சில வீடியோக்களையும் எத்தனை முறை பார்த்தார்கள் என்று ஒப்பிட வேண்டும். பார்வை மாறாமல் இருந்தால் கழிந்தவை வெற்றுக் கணக்குகள். பார்வையும் சேர்ந்து குறைந்தால் உண்மையான வாடிக்கையாளர் விலகுகிறார் என்று பொருள். அதற்கு வீடியோவில் சொல்லும் விஷயத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

பிறர் சேனலில் விளம்பரம் கொடுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் இது பொருந்தும். சந்தாதாரர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கட்டணம் பேசுவது, பேரேட்டை நம்பி கிடங்கைப் பார்க்காமல் சரக்கு வாங்குவதற்குச் சமம். கடைசி 10 வீடியோக்களின் சராசரிப் பார்வையைக் கேட்டு வாங்கி, அதன்மேல் விலை பேசுவோம்.