கடைசி நாள் கடந்த மருத்துவ இடம்

கேள்வி: அகில இந்திய ஒதுக்கீட்டின் இரண்டாம் சுற்றில் என் மகளுக்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. அவள் பி.எஸ்ஸி. படித்துவந்த கல்லூரி, மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டினாலொழிய அசல் சான்றிதழ்களைத் தர முடியாதென்று இழுத்தடித்ததால், கடைசி நாளுக்கு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம். சேர்க்க மறுத்துவிட்டார்கள். இடம் போய்விட்டதா?

– வாசகர், திருநெல்வேலி

பதில்: குறித்த நாளில் சேராதவரின் இடம் ரத்தாகி அடுத்த சுற்றுக்குப் போய்விடும் என்பதும், இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் முன்பணம் பறிமுதலாகும் என்பதும் கலந்தாய்வு விதிகள்; அவற்றைத் தளர்த்தும் அதிகாரம் கல்லூரி முதல்வருக்கு இல்லையாகையால் அவரிடம் மன்றாடிக் காலத்தை விரயம் செய்ய வேண்டாம்.

நீதிமன்றம் எப்போது தாமதத்தை மன்னிக்கிறது என்பதை, ஆந்திர மாணவி ஒருவரின் வழக்கில் 2019 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. மாணவரிடத்தில் அணுவளவும் தவறில்லாமல், அதிகாரிகளின் விதிமீறலாலேயே இடம் பறிபோயிருந்து, அவரும் தாமதமின்றி நீதிமன்றத்தை நாடியிருந்தால், மிக அபூர்வமான சந்தர்ப்பங்களில், அப்போது கடைசி நாளாக இருந்த செப்டம்பர் 30க்குப் பிறகும் ஒரு மாத காலத்துக்குள் சேர்க்கைக்கு உத்தரவிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இடம் காலியாகக் கிடக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கு உரிமையைத் தந்துவிடாது.

2024 செப்டம்பர் 30 அன்று, 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட இயலாத ஓர் ஏழைத் தலித் மாணவரைத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் சேர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் பணித்ததைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நிவாரணம் அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு மாத்திரம் அளித்துள்ள விசேஷ அதிகாரத்தினால் கிடைத்தது. உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

உங்கள் வழக்கின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். தவறு செய்தது பழைய கல்லூரியே. கலந்தாய்வுக் குழு அன்று. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருப்பதால், மகள் நிரபராதி என்பதை நிரூபிப்பது கடினமன்று; ஆனால் கலந்தாய்வுக் குழுவின் தவறு எது என்று நீதிபதி கேட்பார். கடைசி நாள் முடியுமுன்பே நிலைமையை விளக்கிக் குழுவுக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் பாராமுகமாக இருந்திருந்தால், அந்த ஒரு கடிதமே உங்களுக்குப் பேருதவியாகும்.

அடுத்த சுற்றின் காலியிடப் பட்டியல் வெளியாகுமுன்பே மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்து, கலந்தாய்வுக் குழுவையும் இரு கல்லூரிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, ஓர் இடத்தை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவு கோருங்கள். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டால், அவரை வெளியேற்றி உங்கள் மகளைச் சேர்க்க எந்த நீதிபதியும் எளிதில் துணியமாட்டார். பிறகு பழைய கல்லூரியிடம் நஷ்டஈடு கேட்பதொன்றே மிஞ்சும். ஆகவே சான்றிதழ் கேட்டு எழுதிய கடிதங்களையும் வந்த பதில்களையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள்.