ஹைட்ராலசினா, ஹைட்ராக்சிசினா?

கேள்வி: மருத்துவர்–நோயாளி உரையாடலைக் கணினி எழுத்தாக்கித் தருகிறது, திருத்துவது என் வேலை. “அரிப்புக்கு இரவில் ஹைட்ராலசின் 25 மில்லிகிராம்” என்று வந்திருக்கிறது. மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஹைட்ராலசின் ரத்த அழுத்த மாத்திரை. அரிப்புக்குத் தருவது ஹைட்ராக்சிசின். அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலுமே 25 மில்லிகிராம் உண்டு. நோய்க்குறிதான் துப்பு. அந்த இடத்து ஒலிப்பதிவை மெதுவாக ஓடவிட்டு, நடு அசையில் ‘க்சி’ கேட்கிறதா என்று பாருங்கள். “தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க” என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனாலும் நீங்களாக மாற்றாதீர்கள்; மருத்துவரே தவறிச் சொல்லியிருக்கலாம். நிமிடக் குறிப்போடு அவருக்கே அனுப்புங்கள். ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றும் வசதி இங்கே வேண்டவே வேண்டாம்: அதே நோயாளி ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ராலசினும் சாப்பிடுபவராக இருக்கலாம்.