திருத்திய கணக்கின் தடத்தைத் தேடுதல்

கையால் எழுதும் காசேட்டில் பிழை நேர்ந்தால் என்ன செய்கிறோம்? பழைய தொகை வாசிக்கக் கூடியதாக இருக்கும்படி அதன்மேல் ஒற்றைக் கோடு கீறுகிறோம். சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுகிறோம். சுரண்டி அழித்தால் கடதாசியே காட்டிக் கொடுத்துவிடும். கணினியில் அப்படியல்ல. 46,500 இருந்த இடத்தில் 64,500 என்று அடித்தால் திரையில் எந்தத் தழும்பும் இராது.

இந்தக் குறையை நிரப்பவே கணக்கு மென்பொருட்களில் மாற்றப் பதிவேடு என்ற ஒன்று வைக்கப்பட்டுள்ளது. ஒரு பதிவை முதலில் யார் இட்டார், பின்னர் எந்தப் பெயரில், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு அது மாற்றப்பட்டது, மாற்றுமுன் என்ன இருந்தது என்பவற்றை அது தானாகவே குறித்து வைக்கும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், மென்பொருளில் கணக்கு வைக்கும் கம்பனிகள் இவ்வசதி உள்ள, அதை நிறுத்த முடியாத மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. டாலி மென்பொருளில் இதனை Edit Log என்ற பெயரில் காணலாம்.

நான் அறிந்த ஒரு கிராமச் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 31 அன்று பொருளாளரும் இரண்டு அங்கத்தவர்களும் பெட்டியிலிருந்த காசை எண்ணி 23,750 ரூபா என்று ஒப்பமிட்டு வைத்தனர். அன்றைய காசேட்டு மீதியும் அதுவே. மே மாதத்தில் வந்த உள்ளகக் கணக்காய்வாளர், அதே மார்ச் 31க்குரிய காசேட்டைக் கணினியிலிருந்து எடுத்தபோது மீதி 5,750 என்று இருந்தது. 18,000 ரூபா வித்தியாசம்.

அவர் உடனே யாரையும் கேள்வி கேட்கவில்லை. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்த்தார். இரண்டு இலக்கங்கள் இடம்மாறி எழுதப்பட்டால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 18,000 வகுபட்டது. பின்னர் மாற்றப் பதிவேட்டைத் திறந்து, மாதம் முடிந்த பிறகு தொகை மாறிய பதிவுகளை மட்டும் தேடினார். விளக்கக் குறிப்பில் எழுத்துப் பிழை திருத்தியவை பல கிடந்தன, அவற்றை ஒதுக்கினார். எஞ்சியது ஒன்றே. கூரைத் தகடு ஏற்றிய லொறிக் கூலி, மார்ச் 14இல் 46,500 என்று பதியப்பட்டது. ஏப்ரல் 9 மாலை 7.42க்கு அது 64,500 ஆக்கப்பட்டிருந்தது.

முதற்பதிவு பிழையாகி, பின்னர் நேர்மையாகத் திருத்தியதாகவும் இது இருக்கலாமே! பதிவேடு மாற்றத்தைச் சொல்லுமேயன்றி, எந்தத் தொகை உண்மை என்று சொல்லாது. ஆகவே லொறிக்காரரின் பற்றுச்சீட்டைப் பார்த்தார்கள். அதில் 46,500. எண்ணிய காசும் அதற்கே பொருந்தியது. மாற்றத்தின் விளைவு, பெட்டியிலிருந்து 18,000 எடுக்கப்பட்டாலும் ஏடு சமப்படும் என்பதே.

மாற்றியவர் பெயராகப் பதிவேட்டில் இருந்தது இலிகிதப் பிள்ளையின் பெயர். சிலர் அன்றே அவளை நிறுத்தச் சொன்னார்கள். ஆனால் வரவு இடாப்பில் ஏப்ரல் 9 அன்று அவள் மாலை 4.30க்கு ஒப்பமிட்டுப் போயிருக்கிறாள். ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. கணினியின் மணிக்கூடு பிழையோ என்று அதே நாளின் மற்றப் பதிவுகளையும் பார்த்தார்கள். நேரங்கள் ஒழுங்காகவே இருந்தன. விசாரித்தபோது, அவளுடைய கடவுச்சொல் மேசைக் கண்ணாடியின் கீழ் எழுதி வைக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. அலுவலகத்தில் நால்வர் அதை அறிவார்கள். பதிவேடு காட்டுவது பெயரை. விசைப்பலகையில் இருந்த கையை அல்ல. அந்தப் பிள்ளை தப்பினாள். கை யாருடையது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதற்குக் காரணம் அந்த ஒரு துண்டுக் கடதாசிதான்.

வேறு ஓட்டைகளும் உண்டு. தனித்து நிற்கும் கணினியில் பதிவேடு அக்கணினியின் மணிக்கூட்டையே நம்புகிறது. திகதியைப் பின்னோக்கி வைத்துவிட்டு மாற்றினால் பொய்யான நாளே பதியப்படும். ஆயினும் பதிவேட்டில் மே மாத வரிகளுக்கு நடுவே திடீரென ஒரு மார்ச் வரி வந்தால் சந்தேகிக்க இடமுண்டு. பழைய காப்புப் பிரதியை மீளப் போட்டால், அதற்குப் பின் நடந்த மாற்றங்களின் தடமும் சேர்ந்து போய்விடும். இதைப் பிடிக்க வெளியே ஒரு பிரதி வேண்டும்.

அச்சங்கத்தில் இப்போது ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல். மாதம் முடிந்ததும் பரீட்சை மீதியையும் மாற்றப் பதிவேட்டையும் அச்சிட்டு, கணினியைத் தொடாத ஒரு அங்கத்தவரின் வீட்டில் வைக்கிறார்கள். முடித்த மாதத்தில் பிழை கண்டால் பழைய பதிவைத் தொடுவதில்லை. நடப்பு மாதத்தில் எதிர்ப்பதிவு இட்டு, காரணத்தையும் எழுதுகிறார்கள். மே மாதக் கணக்காய்வின்போது மூன்று மணித்தியாலம் தேடியதை, இப்போது இரண்டு அச்சுப் பிரதிகளை அருகருகே வைத்து அரை மணித்தியாலத்தில் பார்த்துவிடுகிறார் கணக்காய்வாளர்.