அறிவுரைக்குப் பதில் ஒரு கேள்வி: மதுவை விடலாமா என்று தயங்குபவரிடம் எப்படிப் பேசுகிறோம்?

கல்லீரல் நோய்ப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பலர், நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே எங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோளை வைப்பதுண்டு. "டாக்டர், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறார். நீங்க கொஞ்சம் பயமுறுத்திச் சொல்லுங்க." பிறகு நாங்கள் அவரைத் திட்டாமல், அச்சுறுத்தாமல், கேள்விகள் கேட்டுப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு அவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். அந்த ஏமாற்றம் நியாயமானதே. நாங்கள் ஏன் அவ்வாறு பேசுகிறோம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே மனிதருக்குள் இரண்டு மனம்

அளவுக்கு மீறிக் குடிப்பவர்களில் மிகப் பலர், குடியினால் வரும் தீமையை அறியாதவர்கள் அல்லர். விட வேண்டும் என்ற எண்ணமும், விட முடியாது அல்லது விட வேண்டிய தேவை இல்லை என்ற எண்ணமும் அவர்களுக்குள் ஒருசேர இருக்கின்றன. தராசின் இரு தட்டுகளைப் போல இவை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கின்றன. இந்நிலையில் இருப்பவரிடம், "உடனே நிறுத்துங்கள், இல்லையேல் கல்லீரல் கெட்டுவிடும்" என்று நாம் ஒரு தட்டில் கையை வைத்து அழுத்தினால், அவர் இயல்பாகவே மறு தட்டுக்காகப் பேசத் தொடங்குகிறார். "என் அப்பா எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் குடிச்சார், நல்லாத்தான் இருந்தார்" என்பது போன்ற பதில்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

இதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. பிறர் சொல்லிக் கேட்டதைவிடத் தம் வாயால் சொன்னதையே மனிதர் அதிகம் நம்புகிறார். குடியை நியாயப்படுத்தி அவர் பத்து நிமிடம் வாதாடினால், அந்த வாதத்தை முழுமையாகக் கேட்டவரும் அவரே. அதனால் உறுதிப்பட்டவரும் அவரே.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983ஆம் ஆண்டு, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக ஓர் உரையாடல் முறையை எழுதி வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் அதை நூலாக விரித்தார். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் எனப்படும் அம்முறையை இங்கே ஊக்க உரையாடல் என்று குறிப்பிடுகிறோம். 1993இல் மில்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆலோசகர் எந்த அளவுக்கு எதிர்த்து மோதிப் பேசினாரோ, அந்த அளவுக்கு ஓராண்டுக்குப் பின் அந்நபர் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார் என்பது தெரியவந்தது. எனவே நோயாளி வாதிடத் தொடங்கினால், அவரைப் பிடிவாதக்காரர் என்று நாங்கள் கருதுவதில்லை. நாங்கள் தவறான வழியில் பேசுகிறோம் என்பதற்கான அறிகுறியாகவே அதை எடுத்துக்கொள்கிறோம்.

ஓர் உரையாடல்

கீழே வருவது பல நோயாளிகளின் அனுபவங்களைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு. அவருக்கு வயது 44. லேத் பட்டறை வைத்திருக்கிறார். நாள்தோறும் இரவு ஒரு குவார்ட்டர் பிராந்தி அருந்துகிறார். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிகிறது. மனைவியின் வற்புறுத்தலால் வந்திருக்கிறார். உட்கார்ந்தவுடன், "நான் ஒண்ணும் குடிகாரன் இல்லை டாக்டர்" என்கிறார்.

அதை மறுத்துப் பேச எங்களுக்கும் நாக்கு துடிக்கும். ஆனால் குடிகாரரா இல்லையா என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஆகவே இப்படித் தொடங்குகிறோம்:

"சரிங்க, அந்தப் பேரெல்லாம் வேண்டாம். ராத்திரி குடிக்கிறது உங்களுக்கு எதுக்கு உதவுது?"

"எட்டு மணிக்குப் பட்டறையை மூடுறப்போ உடம்பெல்லாம் வலி. ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வருது."

"நாள் முழுக்க நின்னு உழைக்கிறீங்க. ராத்திரி தூங்கினாத்தான் மறுநாள் ஓடும்."

"ஆமா. ஆனா இப்பல்லாம் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் தூக்கமே இல்லை."

அந்த "ஆனா" என்ற சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறோம். மறு தட்டை அவரே தொட்டுவிட்டார். இப்போது அவர் சொன்னதையே அவரிடம் திருப்பித் தருகிறோம்: "தூங்குறதுக்காகக் குடிக்கிறீங்க. அதே தூக்கம் ரெண்டு மணிக்குக் கலைஞ்சு போகுது." சற்று மௌனம். பிறகு அவர், "காலையில கை லேசா நடுங்குது. மைக்ரோமீட்டரைப் பிடிக்கும்போது பட்டறைப் பசங்க பார்க்கிறாங்க" என்கிறார்.

இங்கே மருத்துவர் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று உண்டு. அதையும் அனுமதி கேட்டே சொல்கிறோம்: "முழிப்பும் நடுக்கமும் ஏன் வருதுன்னு சொல்லட்டுமா?" அவர் தலையசைக்கிறார். 180 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் உள்ளது. மது மூளையை அமைதிப்படுத்துகிறது. நாள்தோறும் குடிக்கும்போது மூளை அதை ஈடுகட்டும் வகையில் தன் விழிப்பைக் கூட்டிக்கொள்கிறது. நள்ளிரவுக்குப் பின் இரத்தத்தில் மதுவின் அளவு இறங்க இறங்க, அந்தக் கூடுதல் விழிப்பு மட்டும் எஞ்சுகிறது. விழிப்பும் காலை நடுக்கமும் அதனால் வருபவை. இவ்வளவு சொல்லி நிறுத்திக்கொண்டு, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்கிறோம். விளைவை எடுத்துரைப்பதை அவருக்கே விட்டுவிடுகிறோம்.

பூஜ்யம் முதல் பத்து வரை

அடுத்து ஓர் எளிய அளவுகோல். "குடியை மாத்துறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யம்னா முக்கியமே இல்லை, பத்துன்னா ரொம்ப முக்கியம்." அவர் "ஆறு" என்கிறார். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டால் குடிப்பதற்கான காரணங்களை அடுக்குவார். ஆகவே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம்: "ஏன் மூணுன்னு சொல்லாம ஆறுன்னு சொன்னீங்க?"

"பையன் பிளஸ் டூ படிக்கிறான். நான் குடிச்சுட்டு வந்தா ரூமை விட்டு வெளியே வர்றதில்லை. பேசுறதும் இல்லை." எங்கள் அறிவுரை எதிலும் இல்லாத காரணம் இது. கல்லீரலைக் காட்டி நாங்கள் அச்சுறுத்தியிருந்தால், இக்காரணம் வெளியே வந்திருக்காது.

அடுத்து நம்பிக்கையை அளக்கிறோம். "மாத்தணும்னு முடிவு பண்ணினா முடியும்கிற நம்பிக்கை எவ்வளவு?" "மூணு." "ஏன் பூஜ்யம் இல்லை?" "மூணு வருஷத்துக்கு முன்னாடி சபரிமலைக்கு மாலை போட்டு நாப்பத்தெட்டு நாள் தொடலை. அப்போ இவ்வளவு குடிக்கலை."

இரு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்கியம் என்ற எண் 6, நம்பிக்கை 3. இவருக்குத் தேவைப்படுவது மேலும் காரணங்கள் அல்ல, வழி. எனவே அவர் சொன்னவற்றைத் தொகுத்துச் சொல்லிவிட்டு, "அடுத்து என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கிறோம். "இன்னையோட நிறுத்திடட்டுமா?" என்கிறார். காலை நடுக்கம் உள்ளவர் மருத்துவ மேற்பார்வையின்றித் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதால், சில நாள்கள் மருந்துகளுடனும் தயமின் என்னும் வைட்டமின் பி1 உடனும் கண்காணிப்பில் நிறுத்தும் வழியைச் சொல்கிறோம். வரும் திங்களன்று தம்பியுடன் வந்து சேர்வதாக அவரே நாள் குறிக்கிறார்.

வெளியே வந்த மனைவி எங்களிடம் கேட்கிறார்: "இதையெல்லாம் நான் பத்து வருஷமா சொல்றேனே டாக்டர்?" ஆம், சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. இன்று அதைச் சொன்னது கணவரின் வாய், வேறுபாடு அவ்வளவே.

அதன் பின் அவர் இரண்டு மாதங்கள் குடிக்கவில்லை. பிறகு ஓர் உறவினர் திருமணத்தில் குடித்தார். மூன்று நாள்கள் தொடர்ந்தது. மீண்டும் வந்தார். மீண்டும் பேசினோம். வெட்கமின்றித் திரும்பி வர முடிந்ததே முதல் உரையாடலின் பயன்களில் ஒன்று.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

குடும்பத்தினர் ஆலோசகராக மாற வேண்டியதில்லை. எனினும் இரண்டைக் கடைப்பிடித்தால் பெரிதும் உதவும்.

முதலாவது, நேரமும் சொல்லும். குடித்திருக்கும்போது பேச வேண்டாம், காலையில் பேசுங்கள். "நீங்க குடிகாரர்" என்ற பட்டத்திற்குப் பதிலாக, கண்டதைச் சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி பையன் சாப்பிடாமப் படுத்துட்டான். எனக்குப் பயமா இருந்துச்சு." கண்டதையும் உங்களுக்கு நேர்ந்ததையும் மறுத்து வாதிடுவது கடினம்.

இரண்டாவது, சற்றுக் கடினமானது. என்றாவது அவரே, "இந்தக் கருமத்தைக் குறைக்கணும்" என்று சொல்லக்கூடும். அந்நேரத்தில் நம் வாயில் வருவது, "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்பதுதான். அல்லது, "போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்னீங்க" என்பது. இரண்டும் அவரை மறு தட்டுக்கே திரும்ப அனுப்பிவிடும். பதிலாக, "ஏன் அப்படித் தோணுச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் மேலும் இரண்டு வாக்கியம் பேசினால், அன்றைக்கு அது போதும்.

மோதாமல் பேசுவது என்பது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது அன்று. அடி, மிரட்டல், வீட்டுச் செலவுப் பணம் பறிபோதல், குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல் ஆகியவற்றுக்கு உறுதியான எல்லை வகுப்பது உங்கள் உரிமை. உங்களுக்கோ குழந்தைகளுக்கோ ஆபத்து இருந்தால், பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள்.

இம்முறையின் எல்லைகள்

ஊக்க உரையாடல் எல்லாருக்கும் பலிப்பதில்லை. சிலர் இதன் பின்னும் குடிப்பதையே தேர்கிறார்கள். கதவைத் திறந்து வைத்து அடுத்த வருகைக்கு நாள் கொடுப்பதே அப்போது நாங்கள் செய்யக்கூடியது. ஏற்கெனவே விட முடிவு செய்தவருக்கு இது தேவையும் இல்லை. அவருக்குத் திட்டமும் மருந்தும் வேண்டும். ஆசையைக் குறைக்கும் மருந்துகள், குடும்ப ஆலோசனை, குழுக் கூட்டங்கள் ஆகியவற்றின் இடத்தை ஓர் உரையாடல் நிரப்பிவிடாது.

சில வேளைகளில் பேச்சுக்கே இடமில்லை. நாள்தோறும் குடிப்பவர் நிறுத்திய முதல் சில நாள்களில் கடும் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம். அவ்வாறே இரத்த வாந்தி, கருநிற மலம், கண் மஞ்சளாதல், தெளிவற்ற மயக்கம் ஆகியவை தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். "சர்க்கரைக்கு டெஸ்ட் எடுக்கப் போறோம்" என்று பொய் சொல்லி அழைத்து வர வேண்டாம். "குடியைப் பத்தி டாக்டர்கிட்ட ஒரு தடவை பேசிப் பாருங்க. என்ன செய்யணும்னு முடிவு உங்களோடதுதான்" என்று உண்மையைச் சொல்லி அழைத்து வாருங்கள். அறைக்குள் வந்ததும் நாங்களும் அவரிடம் அதையேதான் சொல்வோம்.